விஓ2 மேக்ஸ் 44-லிருந்து 48 ஆனது. இது உண்மையான ஏற்றமா?

சீரானநடை

எல்லோருக்கும் வணக்கம். வயது 38. ஓட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. பயிற்சியை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தபோது முதலில் ஒரு விளையாட்டு ஆய்வகத்தில் மாஸ்க் போட்டு, ட்ரெட்மில்லில் ஓடி, விஓ2 மேக்ஸ் அளந்துகொண்டேன். 44.3 வந்தது. அப்புறம் 16 வாரம் வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடினேன். போன வாரம் அதே இடத்தில் மறுபடி அளந்தேன், 48.0. கைக்கடிகாரம் இன்னும் தாராளம், அது 46-லிருந்து 53-க்கு ஏற்றிவிட்டது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, கடிகாரத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இரண்டு, இதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் எதுவரை ஏறும்? 60 எல்லாம் நடக்கிற காரியமா?

காலைஓட்டம்

வாழ்த்துகள் தம்பி. 16 வாரத்தில் 8 சதவீதம் என்பது நல்ல ஏற்றம். உங்கள் நுரையீரல் கொள்ளளவு கூடியிருக்கிறது, அதனால் ஒரு மூச்சில் அதிக ஆக்சிஜன் உள்ளே போகிறது. நான் பத்து வருடமாக ஓட்டக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், எல்லோருக்கும் மூச்சுப் பயிற்சியைச் சேர்த்தே சொல்வேன்.

கடிகாரம் அதிகமாகக் காட்டுவதற்குக் காரணம் அதில் உங்கள் உச்ச இதயத்துடிப்பு தப்பாகப் பதிவாகியிருக்கும். 220-இல் வயதைக் கழித்து 182 என்று அதுவாகவே போட்டிருக்கும். அதை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

முத்து60

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். என் கடிகாரத்தில் ஆக்சிஜன் எப்போதும் 97, 98 என்று காட்டுகிறது. 100-க்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அப்படியென்றால் எனக்கு இதற்கு மேல் ஏற இடமே இல்லையா? தம்பிக்கு 48 என்பது ரொம்பக் குறைவாகத் தெரிகிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா?

வேதா

முத்து ஐயா, நீங்கள் பார்ப்பது வேறு அளவு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அந்த 98. உட்கார்ந்திருந்தாலும் 98, ஆரோக்கியமானவர் நன்றாக மூச்சு வாங்க ஓடினாலும் அதற்குப் பக்கத்தில்தான். தம்பி சொல்லும் 48, ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் ஒரு நிமிடத்தில் உடல் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடியும் என்பது. முதலாவது லாரியில் சரக்கு நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டாவது ஒரு நாளில் எத்தனை லாரி சரக்கு இறங்கிப் பயன்படுகிறது என்று பார்ப்பது. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, தம்பியும் கவலைப்பட வேண்டியதில்லை.

இதனால்தான் காலைஓட்டம் சார் சொன்ன நுரையீரல் விஷயத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நுரையீரல் தடையே இல்லை. உச்ச வேகத்தில் ஓடும்போதும் ரத்தம் நுரையீரலை விட்டுக் கிட்டத்தட்ட நிரம்பித்தான் வெளியே வருகிறது. அப்படி நிரம்பிய ரத்தத்தை இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தள்ள முடிகிறது, தசை அதிலிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறது, இந்த இரண்டின் பெருக்கல்தான் விஓ2 மேக்ஸ். பயிற்சியில் பெரிதாக மாறுவது முதல் பாதி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு. விதிவிலக்கு உண்டு, மிக உயர்ந்த நிலையில் இருக்கும் சில ஓட்டக்காரர்களுக்கு ரத்தம் நுரையீரலைக் கடக்கும் வேகம் தாங்காமல் நிரப்பம் குறையும். இங்கே அது நமக்குப் பொருந்தாது.

சீரானநடை, நான் இந்தச் சோதனைகளை நடத்தும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். 44, 48 என்ற இறுதி எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு அறிக்கையிலும் நான்கு எண்களைத் தேடி எழுதுங்கள்: உடல் எடை, லிட்டர் கணக்கில் ஆக்சிஜன், கடைசி நிமிடத்தின் இதயத்துடிப்பு, ஆர்இஆர் என்று ஒரு விகிதம் இருக்கும் அது.

சீரானநடை

தேடி எடுத்தேன் மேடம்.

முதல் சோதனை: எடை 73.5 கிலோ, ஆக்சிஜன் 3.26 லிட்டர், துடிப்பு 179, ஆர்இஆர் 1.01.
இரண்டாவது: எடை 71, ஆக்சிஜன் 3.41 லிட்டர், துடிப்பு 188, ஆர்இஆர் 1.12.

முதல் அறிக்கையில் "மூச்சு 90 லிட்டர், வெளிவிட்ட காற்றில் ஆக்சிஜன் 17.3%" என்றும் எழுதியிருக்கிறது. இது எதற்கு என்று புரியவில்லை. இன்னொன்று, முதல் முறை மாஸ்க் மூக்கை அழுத்தியது, வாய் வறண்டுவிட்டது, ஒரு கட்டத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவர்களும் "போதும், எண் வந்துவிட்டது" என்றுதான் சொன்னார்கள்.

வேதா

நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் போகலாம்.

முதலில் அந்த 90 லிட்டர். நாம் உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். நீங்கள் வெளியே விட்டதில் 17.3. ஆக, ஒவ்வொரு 100 லிட்டர் காற்றிலும் உங்கள் உடல் ஏறக்குறைய 3.6 லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 90 லிட்டர் மூச்சு என்றால் 3.2 லிட்டருக்குச் சற்று மேல். சின்னத் திருத்தங்களோடு 3.26. அதை 73.5 கிலோவால் வகுத்தால் 44.3. இந்த முழுச் சோதனையும் இவ்வளவுதான்: எவ்வளவு காற்று, அதில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது. அந்தக் காலத்தில் வெளிவிடும் காற்றை ஒரு பெரிய பையில் பிடித்துவைத்து அப்புறம் அளந்தார்கள், இப்போது மாஸ்க்கிலேயே சென்சார் இருக்கிறது. இந்த 17.3 என்ற எண் 17.2 என்று பதிவானாலே உங்கள் முடிவு ஒரு புள்ளிக்கு மேல் ஏறிவிடும் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் தெரிந்த கலவையுள்ள வாயுவை விட்டும், 3 லிட்டர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளியும் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது எடை. நீங்கள் எந்தப் பயிற்சியும் செய்யாமல் வெறுமனே 71 கிலோவுக்கு இறங்கியிருந்தால்கூட 3.26 லிட்டரை 71-ஆல் வகுத்து 45.9 வந்திருக்கும். ஏறியது 3.7 புள்ளி, அதில் 1.6 தராசு கொடுத்தது. அது பொய் என்று சொல்லவில்லை, ஓடும்போது சுமக்கும் எடை குறைந்தது உண்மையான லாபம்தான். ஆனால் இதயமோ ரத்தமோ மாறியதற்கான சான்று அது இல்லை.

மிச்சம் 2.1 புள்ளி. இங்கேதான் எனக்கு வருத்தமான செய்தி. ஆர்இஆர் என்பது வெளிவந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம். ஒருவர் உண்மையிலேயே எல்லைக்குப் போய்விட்டால் அது 1.10-ஐத் தாண்டும், ஏனென்றால் ரத்தத்தில் சேரும் அமிலத்தைச் சமாளிக்க உடல் கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடைத் தள்ளும். உங்கள் முதல் சோதனை 1.01-இல் நின்றுவிட்டது. துடிப்பும் 179-இல் நின்றது, இரண்டாவது முறை 188 போயிருக்கிறது. பயிற்சியால் உச்சத் துடிப்பு ஏறாது. ஆக, 188 உங்களுக்கு முதல் நாளே இருந்தது. நீங்கள் அதற்கு ஒன்பது துடிப்பு முன்னால் கையைக் காட்டிவிட்டீர்கள்.

ஒரு வகுத்தல் செய்து பாருங்கள். 3.26 லிட்டரை 179-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 18.2 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 3.41-ஐ 188-ஆல் வகுத்தால் 18.1.

சீரானநடை

அப்படியென்றால் 16 வாரத்தில் என் இதயம் ஒரு துடிப்பில் கொண்டுபோகும் அளவு மாறவே இல்லையா?!

இரண்டு முறை படித்தேன். ஒரு துடிப்புக்கான அளவு அதேதான், துடிப்புதான் கூடியிருக்கிறது. முதல் நாள் நிறுத்தாமல் இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் அன்றைக்கே 3.4 வந்திருக்கும் என்கிறீர்கள்.

வேதா

பெரும்பாலும் அப்படித்தான். கடைசிக் கட்டத்தில் ஒரு துடிப்புக்கான ஆக்சிஜன் கிட்டத்தட்டச் சமமாகிவிடும், அதன் பிறகு ஏறுவது துடிப்பால்தான். ஆனால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆளை, எந்தப் பயிற்சியும் இல்லாமல், இரண்டு வெவ்வேறு நாளில் அளந்தாலே 3, 4 சதவீதம் வித்தியாசம் வருவது சாதாரணம். கருவியும் மாறும், அன்றைய உடம்பும் மாறும். உங்களுக்கு லிட்டர் கணக்கில் ஏறியது 4.6 சதவீதம். இந்த இரைச்சலுக்குள் கொஞ்சம் உண்மையும் ஒளிந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

காலைஓட்டம்

நீங்கள் சோதனைக்கூடத்துக்குள் இருந்து பேசுகிறீர்கள் மேடம், நான் வெளியே ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். இந்தத் தம்பி 16 வாரத்துக்கு முன்னால் எந்த வேகத்தில் எந்தத் துடிப்பில் ஓடினார், இப்போது எப்படி? அதைக் கேட்டால் தெரிந்துவிடும். துடிப்பு குறைந்திருந்தால் இதயம் பலமாகிவிட்டது என்றுதான் அர்த்தம். நுரையீரல் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதில் மாற மாட்டேன்.

சீரானநடை

அண்ணா, அதுவும் அறிக்கையில் இருக்கிறது. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு 158, இப்போது 149. முதல் முறை 14-இல் நிறுத்தினேன், இப்போது 15.5 வரை போனேன்.

காலைஓட்டம்

அவ்வளவுதான். ஒன்பது துடிப்பு குறைந்திருக்கிறது. இதற்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் நான் என்ன சொல்ல.

வேதா

மாறியிருக்கிறது சார், அதில் சந்தேகமே இல்லை. எது மாறியது என்பதுதான் கேள்வி. சீரானநடை, அந்த 9 கிலோமீட்டர் கட்டத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

சீரானநடை

முன்பு 2.35 லிட்டர். இப்போது 2.20.

வேதா

பார்த்தீர்களா. அதே வேகத்தில் ஓட உடம்பு கேட்கும் ஆக்சிஜனே 6 சதவீதம் குறைந்துவிட்டது. பாதி எடை குறைந்ததால், மீதி கால் ஓட்டத்துக்குப் பழகியதால். குறைவாகக் கேட்டால் இதயம் குறைவாகத் துடிக்கும், அதற்கு இதயம் பெரிதாகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கேயும் வகுத்துப் பாருங்கள், இரண்டு முறையும் ஒரு துடிப்புக்கு 15 மில்லிலிட்டருக்குச் சற்றே கீழேதான்.

காலைஓட்டம் சார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் துடிப்பு குறைவது இரண்டு காரணமும் கலந்துதான். இதயம் ஒரு துடிப்பில் அதிகம் தள்ளுவதாலும் குறையும், ஓட்டத்தின் செலவு குறைவதாலும் குறையும். வெளியே ஓடும்போது இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஆக்சிஜனை யாரும் அளப்பதில்லை. இந்தத் தம்பியிடம் அந்த எண் இருப்பதால் பிரிக்க முடிந்தது.

கடிகாரத்தின் 53-க்கும் இதுதான் காரணம். அதற்கு உங்கள் மூச்சு தெரியாது. இந்த வேகத்துக்கு ஒரு சராசரி மனிதருக்கு இவ்வளவு ஆக்சிஜன் ஆகும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, நீங்கள் உச்சத் துடிப்பில் எத்தனை பங்கில் ஓடுகிறீர்கள் என்று பார்க்கிறது, அங்கிருந்து நீட்டி உச்சத்தை ஊகிக்கிறது. உங்கள் ஓட்டம் சிக்கனமானால் அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும், அதைக் கடிகாரம் "உச்சம் ஏறிவிட்டது" என்று படிக்கும். உச்சத் துடிப்பு 182 என்று தப்பாக இருப்பது உண்மைதான், ஆனால் அதன் விளைவு சார் சொன்னதற்கு நேர்மாறு. நிஜ உச்சம் 188 இருக்கும்போது 182 என்று போட்டால், நீங்கள் எல்லைக்கு அதிகம் நெருங்கி ஓடுவதாக அது நினைக்கும், அதனால் எண்ணைக் குறைத்துத்தான் காட்டும். 188 என்று மாற்றினால் 53 இன்னும் மேலே போகும்.

காலைஓட்டம்

ம். அந்தத் திசையை நான் யோசிக்கவில்லை, சரிதான். பத்து வருடமாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல.

சரி, ஒன்று கேட்கிறேன். அப்படியென்றால் தம்பியின் ஓட்டம் வேகமாகியிருக்கிறது, விஓ2 மேக்ஸ் ஏறவில்லை. ஓடுகிறவனுக்கு எது வேண்டும்?

வேதா

இரண்டும். பௌலா ராட்கிளிஃப் நல்ல உதாரணம். 1992-லிருந்து பத்து வருடத்துக்கு மேல் அவரைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். விஓ2 மேக்ஸ் 70-ஐச் சுற்றியே நின்றது. அவர் மாரத்தான் உலகச் சாதனை படைத்த காலம் வரை வேகம் ஏறிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் குறிப்பிட்ட வேகத்தில் ஓட ஆகும் ஆக்சிஜன் 15 சதவீத அளவுக்குக் குறைந்தது. ஆக, தம்பி கண்ட முன்னேற்றத்தை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். அதை விஓ2 மேக்ஸ் என்ற பெயரில் எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செண்பகம்

இதையெல்லாம் படித்தபோது என் கதையைச் சொல்லத் தோன்றியது. வயது 44. மூன்று மாதம், வாரத்தில் மூன்று நாள் சைக்கிள் ஓட்டினேன், ஒரு நாள்கூட விடவில்லை. முன்னும் பின்னும் அளந்ததில் 31.0, 31.4. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், "சிலர் உடம்பு பயிற்சிக்குப் பதில் சொல்லாது, அது மரபணு, உங்களுடையது அந்த வகை" என்றார். இனிமேல் எதற்கு ஓட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன், ஆறு மாதம் ஆகிறது. அவர் சொன்னது உண்மையா?

வேதா

செண்பகம், அந்த ஆள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது நிறைய.

ஹெரிடேஜ் என்று ஒரு பெரிய ஆய்வு, குளோட் பூஷார் என்பவர் நடத்தியது, 1999-இல் முடிவு வந்தது. 98 குடும்பங்களில் 481 பேர், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும், எல்லோரையும் ஒரே திட்டத்தில் 20 வாரம் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் அளவு ஏறியது. ஆனால் சிலருக்கு ஏறவே இல்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது. அதே பயிற்சி! ஒரே குடும்பத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் மாறினார்கள், குடும்பத்துக்குக் குடும்பம் பெரிய வித்தியாசம். ஏற்றத்தின் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்பவழி என்று கணக்கிட்டார்கள். குடும்பவழி என்றால் மரபணு மட்டுமல்ல, ஒரே வீட்டுப் பழக்கமும் அதில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

இதிலிருந்துதான் "பதில் சொல்லாத உடம்பு" என்ற பேச்சு வளர்ந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அளவு மருந்து. அந்த அளவுக்குப் பதில் சொல்லாதவர் இரண்டு மடங்குக்கும் சொல்ல மாட்டாரா என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. 2017-இல் மொன்டேரோவும் லுண்ட்பியும் அதைக் கேட்டார்கள். 78 பேரை வாரத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து முறை வரை, ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் என்று பிரித்து ஆறு வாரம் பயிற்சி. வாரம் ஒரு முறை செய்தவர்களில் 69 சதவீதத்தினர் முன்னேறவில்லை. மூன்று முறை செய்தவர்களில் 29 சதவீதம். நான்கு, ஐந்து முறை செய்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அப்புறம் முன்னேறாதவர்களுக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை கூட்டி இன்னும் ஆறு வாரம் செய்ய வைத்தார்கள், எல்லோரும் முன்னேறினார்கள்.

செண்பகம்

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நான் சும்மா ஆறு மாதத்தை விட்டேன்.

வேதா

இருங்கள், இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் "முன்னேற்றம்" என்று எண்ணியது சைக்கிளில் எட்டிய உச்ச வாட். ஆக்சிஜனை வைத்து அல்ல. நாம் இவ்வளவு நேரம் பேசியது என்ன, சிக்கனம் கூடினாலும் வேகம் கூடும் என்பதுதானே. வாட் ஏறிய எல்லோருக்கும் ஆக்சிஜனும் அதே அளவு ஏறியது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தில், அளவைக் கூட்டியும் கடுமையைக் கூட்டியும் பல மாதம் செய்த பிறகு துளியும் ஏறாதவரை நான் பார்த்ததில்லை, ஆனால் மிகக் குறைவாக ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் துறையில் இதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

உங்கள் 31.0, 31.4 இரண்டுக்கும் நடுவே 3 சதவீத இரைச்சலை வைத்துப் பாருங்கள். நிஜத்தில் ஒன்றரைப் புள்ளி ஏறியிருந்து முதல் நாள் கொஞ்சம் அதிகமாகவும் கடைசி நாள் கொஞ்சம் குறைவாகவும் பதிவாகியிருந்தாலும் இதே எண்தான் வரும். ஒரு முன், ஒரு பின், இதை வைத்து ஒருவர் உடம்பின் வகையைத் தீர்மானித்தது தவறு. எந்தக் கடுமையில் ஓட்டினீர்கள்?

செண்பகம்

பேசிக்கொண்டே ஓட்டலாம் என்கிற அளவு. 30 நிமிடம்.

காலைஓட்டம்

அம்மா, வாரத்துக்கு ஒன்றரை மணிநேரம், அதுவும் பேசிக்கொண்டே. இதில் எனக்கு மேடமோடு முழு உடன்பாடு, அளவு போதவில்லை.

தம்பிக்கும் அதே கதைதான் என்று இப்போது புரிகிறது. ஒரே வேகத்தில் 16 வாரம். முதல் சில வாரத்துக்குப் பிறகு உடம்புக்கு அதில் புதிதாக எதுவும் இருந்திருக்காது.

சீரானநடை

அப்படியென்றால் என்ன செய்வது? இன்டர்வெல் என்கிறார்கள், ஆனால் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 20 விநாடி, 1 நிமிடம், 4 நிமிடம்...

வேதா

குறிக்கோள் ஒன்றுதான், இதயம் நிரம்பி முழு அளவில் தள்ளும் நிலையில் மொத்தமாக எத்தனை நிமிடம் இருக்கிறீர்கள் என்பது. 2007-இல் ஹெல்கெருட் குழு ஓரளவு பயிற்சி உள்ள ஆண்களை வைத்து ஒரு ஒப்பீடு செய்தது, மொத்த வேலையை எல்லோருக்கும் சமமாக வைத்து, வாரம் மூன்று முறை, 8 வாரம். மெதுவாக நீண்ட நேரம் ஓடியவர்களுக்கும், சற்று வேகமாக விடாமல் ஓடியவர்களுக்கும் விஓ2 மேக்ஸ் குறிப்பிடும்படி ஏறவில்லை. நான்கு நிமிடம் வீதம் நான்கு முறை கடுமையாக ஓடியவர்களுக்கு 7.2 சதவீதம் ஏறியது. 15 விநாடி ஓட்டம், 15 விநாடி தளர்வு என்று செய்தவர்களுக்கு 5.5. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தமும் இந்த இரண்டு குழுவுக்குத்தான் கூடியது. இது சின்ன ஆய்வு, மெதுவான ஓட்டம் வீண் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு மெதுவான ஓட்டத்திலேயே நன்றாக ஏறும், அதிக நேரம் ஓடினால் இன்னும் ஏறும். ஆனால் உங்கள் நிலையில் நான் நான்கு நிமிடத்தைத்தான் எடுப்பேன்.

உங்கள் உச்சம் 188. அதில் 90-லிருந்து 95 சதவீதம் என்றால் 169-லிருந்து 178 வரை. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு நான்கு நிமிடம் ஓடுங்கள். முதல் ஒன்றரை, இரண்டு நிமிடம் துடிப்பு 169-ஐத் தொடாது, அதைப் பார்த்துப் பதறி வேகத்தைக் கூட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அதுதான், முதல் முறையிலேயே அடித்து ஓடிவிட்டு மூன்றாவதில் கால் நின்றுவிடும். துடிப்பு மெதுவாக ஏறி வரட்டும். அப்புறம் மூன்று நிமிடம் மெல்லோட்டம், மறுபடி. நான்காவது முடியும்போது இன்னும் ஒரு நிமிடம் இதே வேகத்தில் ஓட முடியும் என்று தோன்ற வேண்டும், ஆனால் இன்னொரு முழுச் சுற்று வேண்டாம் என்றும் தோன்ற வேண்டும். வாரம் இரண்டு முறை போதும், மற்ற நாள் மெதுவாக.

60 பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நிஜமான ஆரம்பம் 71 கிலோவுக்கு 48 என்று வைத்துக்கொண்டால், 60 என்பது 25 சதவீத ஏற்றம், 4.26 லிட்டர். ஒரு வருடம் ஏற்கெனவே ஓடியவருக்கு அது அதிகம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பல வருடம், நல்ல பயிற்சி, பெற்றோரிடமிருந்து வந்த அதிர்ஷ்டம் மூன்றும் சேர வேண்டும். 52, 53 என்றால் எனக்குச் சிரமமில்லாமல் நம்ப முடிகிறது.

முத்து60

நான் ஆரம்பத்தில் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்டதற்கு மன்னிக்கவும். இப்போது சரியான கேள்வி கேட்கிறேன். 61 வயது. இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்கும் ஏறுமா, அந்த நான்கு நிமிட ஓட்டம் செய்யலாமா?

வேதா

ஏறும் ஐயா. 1966-இல் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து அளந்தார்கள், நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பார்த்தால், 30 வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் குறைத்திருக்கிறது. அப்போது அவர்களுக்கு 50 வயது, ஆறு மாதப் பயிற்சியில் இழந்ததைத் திரும்பப் பிடித்தார்கள். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு இதயம் தள்ளும் அளவு ஏறவில்லை, தசை ரத்தத்திலிருந்து அதிகம் எடுக்கப் பழகியது.

ஆனால் ஸ்டென்ட் இருப்பதால் அந்த நான்கு நிமிடத்தை இங்கே யார் சொன்னாலும் செய்யாதீர்கள், நான் சொன்னாலும். இதய மருத்துவர் முன்னிலையில் ஈசிஜி பொருத்தி ஒரு முறை இதே மாஸ்க் சோதனை செய்யலாம், எந்தத் துடிப்புவரை பத்திரம் என்று அதில் தெரியும். அந்த எண்ணுக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

சீரானநடை

மேடம், அடுத்த சோதனையில் இதே குழப்பம் வரக்கூடாது. எப்படிக் கேட்பது?

வேதா

மாஸ்க்கை முந்தைய நாளே போட்டுப் பார்த்து அளவு சரிபாருங்கள். அதே நேரம், அதே ட்ரெட்மில், அதே படிகள், மொத்தம் 8-லிருந்து 12 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி. முடிந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு, கடைசி வேகத்தைவிடச் சற்று அதிக வேகத்தில் நேரடியாக ஓடி விழும்வரை ஓடுங்கள். இரண்டு, மூன்று நிமிடம்தான் தாங்கும். அதிலும் ஆக்சிஜன் முதல் எண்ணைத் தாண்டவில்லையென்றால் அதுதான் உங்கள் உச்சம். முதல் நாளே இதைச் செய்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

சீரானநடை — ஒன்பது வாரம் கழித்து

வாரம் இரண்டு முறை நான்கு நிமிட ஓட்டம், ஒரு வாரம் மட்டும் காய்ச்சலால் விட்டுப்போனது. நேற்று அளந்தேன். எடை அதே 71. ஆக்சிஜன் 3.58 லிட்டர், 50.4. துடிப்பு 188, ஆர்இஆர் 1.13. இளைப்பாறிவிட்டு ஓடிய இரண்டாவது ஓட்டத்தில் 3.55.

நானே வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒரு துடிப்புக்கு 19.0. முன்பு 18.1. கடிகாரம் 53-லேயே நிற்கிறது.

வேதா

எடை மாறவில்லை, துடிப்பு மாறவில்லை, சரிபார்ப்பு ஓட்டமும் ஒத்துப்போகிறது. 5 சதவீதம். இரைச்சல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுதாக நம்ப இன்னும் ஒரு முறை அளக்க வேண்டும், ஆனால் இந்த முறை ஏறியது இதயத்தின் பக்கம்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

செண்பகம்

நான் வாரம் ஐந்து நாள் ஆக்கிவிட்டேன், ஏழாவது வாரம். சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒரு சந்தேகம், முன்பு அளந்தது சைக்கிளில், இந்த முறை ட்ரெட்மில்தான் இருக்கிறது என்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடலாமா?

வேதா

வேண்டாம். அதிகப் பேருக்கு ட்ரெட்மில்லில் எண் கூடுதலாகத்தான் வரும், பெரிய தசைகள் அதிகம் வேலை செய்வதால். ஏறாமலேயே ஏறிய மாதிரி தெரியும். சைக்கிள் இருக்கிற நாளுக்குத் தேதியை மாற்றிக் கேளுங்கள்.